ஒரு வருஷம் பட்டறை பூட்டியிருந்தால்: சொந்தத் தொழில் செய்பவருக்கான வருமானக் காப்பீடு

மணலியில் கம்பெனி வேலைக்குப் போகிற ஒருவர் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால் அவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கும். வேலையில் அடிபட்டுப் படுத்தால், காயம் ஆறும்வரை கூலியில் சுமார் 90% வீட்டுக்கு வரும். காய்ச்சல், மஞ்சள் காமாலை மாதிரி நோய் என்றால் 70%, வருஷத்துக்கு 91 நாள் வரை. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் சொந்தமாக கிரில் பட்டறை வைத்திருப்பவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. அவர் யாருக்கும் தொழிலாளி இல்லை, அவருக்கு யாரும் முதலாளியும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த எதிர்வீட்டுக்காரருக்கு. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் லேத், வெல்டிங், ஏசி மெக்கானிக், டெய்லரிங், சொந்த ஆட்டோ என்று கை ஓடினால்தான் காசு என்கிற நிலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "எங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே" என்பார்கள். அந்த அட்டையும் சரி, நாம் பணம் கட்டி எடுக்கிற ஹெல்த் இன்சூரன்ஸும் சரி, ஆஸ்பத்திரி பில்லைத்தான் பார்த்துக்கொள்ளும். ஸ்டான்லியில் இலவசமாகவே ஆபரேஷன் முடிந்துவிடலாம். ஆனால் காலில் கம்பி வைத்து வீட்டுக்கு வந்தபிறகு ஏழு மாதம் வீட்டு வாடகை யார் கட்டுவது? சீட்டுப் பணம்? பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ்? அதைப் பார்ப்பதற்கு வேறு வகைக் காப்பீடு வேண்டும். அதைத்தான் வருமானக் காப்பீடு என்கிறோம்.

இங்கிலாந்து மாதிரி நாடுகளில் நோயானாலும் விபத்தானாலும் மாத வருமானத்தில் ஒரு பங்கைத் தொடர்ந்து கொடுக்கும் பாலிசி ஒன்றாகவே விற்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரே பாலிசியில் எல்லாம் அடங்கிக் கிடைப்பது அரிது. இங்கே விபத்துக்கு ஒன்று, பெரிய நோய்க்கு ஒன்று, இரண்டிலும் அடங்காததற்குச் சொந்தக் கைக்காசு என்று மூன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றில் விபத்துப் பகுதிதான் மலிவு. ஆனால் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு வாங்குவதும் அதைத்தான். அதனால் அங்கேயே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் ஓட்டை எவ்வளவு என்று பார்க்கணும்

திருவொற்றியூரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் செல்வம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 41. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மெட்டீரியல், கூலி எல்லாம் போக மாதம் 38,000 ரூபாய் அளவில் கையில் நிற்கிறது.

அவர் படுத்துவிட்டால் 38,000 ரூபாயும் வேண்டியதில்லை. வண்டிக்கு பெட்ரோல், டீச்செலவு, புது மெஷினுக்குச் சேர்த்து வைப்பது எல்லாம் நின்றுவிடும். நிற்காத செலவு எது என்பதுதான் கேள்வி. வீட்டு வாடகை, மளிகை, ஃபீஸ், அம்மாவுக்கு மாத்திரை, தவணை எல்லாம் சேர்த்து 25,000. பட்டறை வாடகை 9,000. பட்டறையைக் காலி செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அட்வான்ஸ் கொடுத்து, மூணு ஃபேஸ் கரெண்ட் இணைப்பு வாங்கிய இடத்தை விட்டால், குணமானபிறகு மறுபடி அது கிடைக்காது. ஆக 34,000. செல்வத்திடம் வேலை செய்யும் பையன் சின்னச் சின்ன வெல்டிங் வேலைகளைப் பார்த்து, தன் கூலி போக மாதம் 8,000 கொண்டுவருவான் என்று வைப்போம். மீதி 26,000. இதுதான் ஓட்டை.

வருஷத்துக்கு 3,12,000 ரூபாய். 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 6,000. வாரக் கணக்குக்கு ஏன் வருகிறேன் என்றால், விபத்துக் காப்பீட்டில் பணம் வாரக் கணக்கில்தான் பேசப்படும்.

20 ரூபாய் பாலிசி இதற்கு உதவாது

பேங்கில் கணக்கு வைத்திருக்கும் பலரிடம் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கும். வருஷத்துக்கு 20 ரூபாய், ஜூன் மாதத்தை ஒட்டிக் கணக்கிலிருந்து பிடிப்பார்கள். விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் மாதிரி முழு ஊனமானாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். 20 ரூபாய்க்கு இது நல்ல விஷயம், வைத்திருங்கள். ஆனால் எலும்பு முறிந்து ஏழு மாதம் கழித்துச் சரியாகிவிட்டால் இதிலிருந்து ஒன்றும் வராது. பைக் இன்சூரன்ஸோடு சேர்ந்து வரும் 15 லட்ச ரூபாய் ஓட்டுநர்-உரிமையாளர் விபத்துக் காப்பீடும் இதே கதைதான். இறப்பும் நிரந்தர ஊனமும் மட்டுமே அதில் உண்டு.

நமக்கு வேண்டிய பகுதியின் பெயர் 'தற்காலிக முழு இயலாமை'. ஏஜென்டுகளிடம் டி.டி.டி. என்று சொன்னால் புரியும். தனிநபர் விபத்துப் பாலிசியில் இதைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். கேட்காவிட்டால் இறப்பும் நிரந்தர ஊனமும் மட்டும் போட்டு பாலிசி கைக்கு வந்துவிடும். பிரீமியம் சின்னது, கமிஷனும் சின்னது, அதனால் இதை எடுத்து விளக்கிச் சொல்ல ஏஜென்டுக்குப் பெரிய ஆர்வம் இருக்காது. நாம்தான் கேட்கணும்.

இப்போது சதவீதக் கணக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா பொதுக் காப்பீட்டு, ஹெல்த் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் கொண்டுவந்த பாலிசி ஒன்று இருக்கிறது. பெயர் சரல் சுரக்ஷா பீமா. இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். இதில் தற்காலிக இயலாமை விருப்பப் பகுதி. சேர்த்துக்கொண்டால் வாரத்துக்கு மொத்தத் தொகையில் 0.2%, அதிகபட்சம் 100 வாரம். 5 லட்சத்துக்கு எடுத்தவருக்கு வாரம் 1,000 ரூபாய்தான் வரும். செல்வத்தின் 6,000 ரூபாய் ஓட்டையை அடைக்க 30 லட்சத்துக்கு எடுக்கணும்.

வேறு சில பாலிசிகளில் 1% என்று போட்டிருப்பார்கள். 0.2%-ஐ விட ஐந்து மடங்கு என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால், எந்தத் தொகையில் 1% என்று பாருங்கள். இறப்புக்கு 30 லட்சம் போட்டுவிட்டு, தற்காலிக இயலாமைக்கென்று தனியாக 5 லட்சம் போட்டிருப்பார்கள். 5 லட்சத்தில் 1% என்றால் 5,000. அதற்கும் மேல் 'வாரத்துக்கு அதிகபட்சம் இவ்வளவு' என்று ஒரு வரி இருக்கும். ஆகவே ஏஜென்டிடம் சதவீதத்தைக் கேட்க வேண்டாம். "எனக்கு வாரம் எத்தனை ரூபாய் வரும், எத்தனை வாரம் வரும், முதல் சில நாள் கழிப்பீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி, பாலிசி கைக்கு வந்ததும் அதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

'முழு' என்ற சொல்லும் கல்லாவும்

காலடிப்பேட்டையில் முதல் மாடி ஜன்னலுக்கு கிரில் மாட்டும்போது சாரம் சரிந்து செல்வம் விழுகிறார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன், 9 நாள் வார்டில். மறுபடி ஏணி ஏற 30 வாரம் ஆகிறது. 6,000 ரூபாய் வீதம் 1,80,000 வரணும்.

வருமா என்பது 'முழு இயலாமை' என்ற சொல்லுக்கு அந்த பாலிசி என்ன அர்த்தம் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. சில பாலிசிகளில் 'தன் வழக்கமான தொழிலைச் செய்ய முடியாத நிலை' என்று இருக்கும். இதுதான் நமக்கு நல்லது. பல பாலிசிகளில் 'எந்த ஒரு வேலையையும் தொழிலையும் செய்ய முடியாத நிலை' என்று இருக்கும். சொந்தத் தொழில் செய்பவர் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான்.

ஏனென்றால் சம்பளக்காரர் லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடப்பார். செல்வத்தால் அப்படி இருக்க முடியாது. பதினான்காவது வாரம் வாக்கர் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு கொட்டேஷன் எழுதுகிறார், பையனுக்கு அளவு சொல்கிறார். கம்பெனி அனுப்பும் விசாரணை ஆள் அன்றைக்கு வந்து ஒரு போட்டோ எடுத்தால் போதும். "அவர் தொழிலைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்" என்று எழுதி 13 வாரத்தோடு நிறுத்திவிடலாம். 1,80,000 என்பது 78,000 ஆகிவிடும்.

இதற்காகப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் வாங்கும்போதே 'வழக்கமான தொழில்' என்று எழுதியிருக்கும் பாலிசியைத் தேடுவது, வாரம் நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் பாலிசியைத் தேடுவதைவிட முக்கியம். டாக்டர் சர்டிஃபிகேட்டிலும் 'ஓய்வு தேவை' என்று மொட்டையாக எழுதாமல், 'ஏணி ஏறுவது, எடை தூக்குவது, நின்றபடி வெல்டிங் செய்வது இந்தத் தேதிவரை முடியாது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் போய் ஓ.பி. சீட்டில் பதிவு வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிட்டால், அந்த இரண்டு மாதமும் நீங்கள் இயலாமல்தான் இருந்தீர்கள் என்பதற்குக் காகிதம் இருக்காது.

தொழிலின் பெயரும் அப்படித்தான். விபத்துப் பாலிசியில் வயதைவிடத் தொழில்தான் பிரீமியத்தைத் தீர்மானிக்கிறது. கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வகுப்பு, மெஷினில் கை வைப்பவர், வண்டி ஓட்டுபவர் அடுத்த வகுப்பு, மிக ஆபத்தான தொழில்கள் மூன்றாவது. பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் 'வியாபாரம்' என்று போடப் பார்ப்பார். "அண்ணே, எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்" என்பார். சாரத்திலிருந்து விழுந்தபிறகு, வியாபாரிக்குச் சாரத்தில் என்ன வேலை என்று கம்பெனி கேட்கும். 'கிரில் வெல்டிங், உயரத்தில் மாட்டும் வேலையும் உண்டு' என்று எழுதச் சொல்லுங்கள். நாலு காசு கூடுதலாகக் கட்டுங்கள்.

வருமானத்தை எப்படிக் காட்டுவது

செல்வம் 38,000 சம்பாதிக்கிறார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரிவது வருமான வரிக் கணக்கு மட்டும்தான். இவ்வளவு பெரிய தொகைக்குப் பாலிசி தரலாமா என்பதையும் பல கம்பெனிகள் அதை வைத்தே முடிவு செய்கின்றன. வாரத் தொகை உங்கள் நிஜ வார வருமானத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு.

நம் பக்கத்துச் சின்னத் தொழில்காரர்கள் பலர் கணக்கே கட்டுவதில்லை. கட்டுகிறவர்கள் 44ஏடி பிரிவில், மொத்த வரவில் 8% (பேங்க், யூ.பி.ஐ. வழியாக வந்த தொகைக்கு 6%) லாபம் என்று குறைந்தபட்சத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். செல்வத்துக்கு வருஷ வரவு 30 லட்சம் என்றால் 8%-இல் 2,40,000. வாரத்துக்கு சுமார் 4,615 ரூபாய். வாரம் 6,000 என்று பாலிசி எடுத்து பிரீமியமும் கட்டியிருப்பார். க்ளெய்மில் 4,615 என்று வெட்டினால் 30 வாரத்துக்கு 1,38,450 ரூபாய்தான். நாற்பதாயிரத்துக்கு மேல் துண்டு விழும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் இந்த மாதிரித் தொழில் வருமானம் 12 லட்சம் வரை வரியே கட்ட வேண்டியதில்லை. 8% என்பது குறைந்தபட்சம்தான், உண்மையில் அதிக லாபம் இருந்தால் அதைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். 4,56,000 என்று உள்ளபடி காட்டினாலும் செல்வத்துக்கு வரி பூஜ்யம். ஆடிட்டருக்குக் கொடுக்கும் சின்னக் கட்டணத்தைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. விபத்துக்குப் பிறகு அவசரமாகக் கணக்குத் தாக்கல் செய்தால் சந்தேகம்தான் வரும். எனவே இப்போதே ஆரம்பித்து, வருஷா வருஷம் தொடர்ந்து காட்டுங்கள்.

விபத்து இல்லை, நோய் என்றால்

விபத்து என்பதற்குப் பாலிசியில் இருக்கும் விளக்கத்தின் சாரம் இது: திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி வந்து தாக்கிய ஒன்று. இதில் பக்கவாதம் வராது. மாரடைப்பு வராது. இருபது வருஷம் குனிந்து வேலை செய்து டிஸ்க் விலகினால் அதுவும் வராது. பைக் ஓட்டும்போது நெஞ்சுவலி வந்து விழுந்தால், அடிபட்டது விழுந்ததாலா நெஞ்சுவலியாலா என்று வழக்கே நடக்கும்.

பெரிய நோய்க்கு 'கிரிட்டிகல் இல்னெஸ்' பாலிசி இருக்கிறது. இது வாரா வாரம் கொடுக்காது. பட்டியலில் உள்ள நோய், சொல்லியிருக்கும் கடுமையில் உறுதியானால் மொத்தத் தொகையை ஒரே தடவையாகக் கொடுத்துவிடும். ஆஸ்பத்திரி பில் கேட்காது, ஸ்டான்லியில் இலவசமாகப் பார்த்திருந்தாலும் முழுத் தொகை உண்டு. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், டயாலிசிஸ் தேவைப்படும் கிட்னி செயலிழப்பு எல்லாம் பட்டியலில் இருக்கும். பாலிசி எடுத்த முதல் 90 நாளுக்குள் வந்த நோய்க்கு வழக்கமாகக் கிடையாது. நோய் உறுதியானபின் குறிப்பிட்ட நாள், பல பாலிசிகளில் 30 நாள், உயிரோடு இருக்கணும் என்றும் போட்டிருப்பார்கள்.

கடுமை என்றேன். பக்கவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து இரண்டு வாரத்தில் கை கால் சரியாகிவிட்டால் பணம் இல்லை. பாதிப்பு நிரந்தரமானது, குறைந்தது 3 மாதம் நீடித்தது என்று டாக்டர் சான்று தரணும். ஆகவே நிஜமாகவே பாதிக்கப்பட்டவருக்கும் முதல் மூன்று மாதம் கையிலிருந்துதான் ஓடணும். இதயத்தில் ஸ்டென்ட் மட்டும் வைத்தால் பல பாலிசிகளில் பைபாஸ் அறுவைக்கான பகுதியில் அது சேராது. இந்த பாலிசிக்கு வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். 41 வயதில், சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதி, ஓட்டைக் கணக்கான 3,12,000 ரூபாயோடு மருந்துச் செலவையும் சேர்த்து, 5 லட்சத்துக்காவது எடுத்தால் செல்வத்துக்கு ஒரு வருஷம் ஓடும்.

'ஹாஸ்பிடல் கேஷ்' என்று இன்னொன்று விற்பார்கள். அட்மிட் ஆன நாளுக்கு ஆயிரம், இரண்டாயிரம். செல்வம் வார்டில் இருந்தது 9 நாள், வீட்டில் கிடந்தது ஏழு மாதம். இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எந்தப் பட்டியலிலும் சேராத நோய்கள்தான் பெரிய தொந்தரவு. டி.பி. என்றால் சாதாரண வகைக்கே ஆறு மாதம் மாத்திரை. மருந்து இலவசம், சத்துணவுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. ஆனால் ஆரம்ப மாதங்களில் சாரம் ஏறி வேலை செய்யத் தெம்பு இருக்காது. டிஸ்க், மூட்டு, நாள்பட்ட மஞ்சள் காமாலை இதெல்லாமும் அப்படித்தான். இதற்கு விற்பனைக்கு இருக்கும் பாலிசியைத் தேடி அலைவதைவிட ஆறு மாத ஓட்டையை, அதாவது 1,56,000 ரூபாயைத் தனியாக வைப்பதுதான் நடைமுறை. மாதம் 3,000 ஆர்.டி. போட்டாலும் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆகும். மெதுவான வேலைதான். இடையில் தேவைப்பட்டால் நகைக்கடன்தான் பாலமாக இருக்கும், அதனால் நகையை வேறு எதற்கும் அடகில் வைத்துவிடாதீர்கள்.

அடிபட்ட அன்றைக்கு

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவுதான் க்ளெய்முக்கு அடித்தளம். ஏ.ஆர். காப்பி என்பார்கள். என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்று கூட்டிப்போனவர் சொல்வதைத்தான் அதில் எழுதுவார்கள். பதற்றத்தில் "வீட்டு மாடியிலிருந்து விழுந்துட்டார்" என்று மச்சான் சொல்லிவிட்டு, க்ளெய்ம் ஃபாரத்தில் "வேலையில் சாரம் சரிந்தது" என்று எழுதினால் இரண்டும் மோதும். மது வாடை என்று அதில் ஒரு வார்த்தை ஏறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம், குடிபோதையில் நடந்த விபத்துக்குப் பாலிசிகளில் பணம் கிடையாது.

வீட்டில் யாராவது ஒருவருக்கு பாலிசி நம்பர் தெரிந்திருக்கணும். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, புகார் எண் மாதிரி ஒரு க்ளெய்ம் எண் வாங்கிவிடணும். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ஃபிலிம், ஓ.பி. சீட்டுகள், வரிக் கணக்கு, கடைசியில் வேலைக்குத் தகுதி என்று டாக்டர் தரும் சான்று ஆகியவற்றின் ஒரிஜினலைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

'வாரம் 6,000' என்று இருந்தாலும் சனிக்கிழமை தோறும் கணக்கில் விழாது. பல நேரம் தகுதிச் சான்று வந்தபிறகுதான் மொத்தமாகக் கணக்கு முடிப்பார்கள். நீண்ட காலம் ஆகும் என்று தெரிந்தால், இடையில் ஒரு பகுதியைத் தரும்படி எழுத்தில் கேட்கலாம்.

க்ளெய்மை மறுத்தாலோ குறைத்தாலோ, காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். 50 லட்சம் வரையுள்ள வழக்குகளை அவர் எடுப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, தமிழிலேயே நீங்களே எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.